வரவேண்டிய பணத்தின் தடம்: ஆண்டறிக்கையை முதன்முறையாகப் படிப்பவருக்கு

ஆண்டறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைவரின் கடிதத்தோடு நின்றுவிடுகிறார்கள். புத்தகம் 200 பக்கத்துக்கு மேல் இருக்கும். முன்பாதியில் படங்களும் விருதுகளும் எதிர்காலத் திட்டங்களும். கணக்கும் ஆடிட்டர் அறிக்கையும் பின்பாதியில், சின்ன எழுத்தில். இந்த அத்தியாயத்தில் நாம் பின்பாதியில்தான் தொடங்கப்போகிறோம். அதிலும் எல்லாவற்றையும் படிக்கப்போவதில்லை. வாங்கியவர்களிடமிருந்து வரவேண்டிய பணம் என்ற ஒரே ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு, அது ஆடிட்டர் அறிக்கையில் எப்படி வருகிறது, குறிப்புகளில் எப்படி வருகிறது, கடைசியில் நிர்வாகம் அதைப் பற்றி என்ன பேசுகிறது என்று பார்க்கப்போகிறோம். பின்னலாடைத் தொழிலில் லாபத்தை விழுங்குவதும் இந்த இடம்தான், மறைப்பதும் இந்த இடம்தான்.

அவிநாசிபாளையத்தில் இருப்பவருக்கு இது இரண்டு வகையில் பயன்படும். ஒன்று, பங்கு வாங்க. மற்றொன்று, நாம் யாருக்கு நூலோ துணியோ ஜாப் ஒர்க்கோ செய்து தருகிறோமோ அந்தக் கம்பெனி நம் பில்லுக்குப் பணம் தருமா என்று அறிய. பொங்கலூரிலும் காங்கயம் ரோட்டிலும் செட் போட்டு நிட்டிங் ஓட்டுகிறவருக்குப் பங்குச்சந்தையில் அக்கறை இல்லாவிட்டாலும் இரண்டாவது காரணம் போதும்.

எந்தப் புத்தகம், எங்கே கிடைக்கும்

பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனி என்றால் ஆண்டறிக்கை இலவசம். கம்பெனியின் இணையதளத்திலும் பி.எஸ்.இ., என்.எஸ்.இ. தளங்களிலும் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். அவிநாசிபாளையத்திலிருந்து திருப்பூர் வழியாகப் போகும் நம் சாலையின் வடமுனையில், அவிநாசியில் தலைமை அலுவலகம் உள்ள எஸ்.பி. அப்பேரல்ஸ் 2016 ஆகஸ்டில் பட்டியலானது. குழந்தைகளுக்கான பின்னலாடை ஏற்றுமதிதான் அதன் முக்கியத் தொழில். கோவையின் கே.பி.ஆர். மில் 2007-லேயே வந்துவிட்டது. அதன் அறிக்கையில் ஜவுளியோடு சர்க்கரைத் தொழிலும் தனிப் பிரிவாக வரும். பழகுவதற்கு இந்த இரண்டில் ஏதாவது ஒன்றின் கடைசி இரண்டு ஆண்டு அறிக்கைகளை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஆண்டு மட்டும் போதாது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பட்டியலாகாத பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றாலும் வழி இருக்கிறது. எம்.சி.ஏ. தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டையும் ஆடிட்டர் அறிக்கையையும் பார்க்கலாம். நிர்வாகத்தின் விரிவான அலசல் அதில் இருக்காது. பார்ட்னர்ஷிப், புரோப்ரைட்டர்ஷிப் என்றால் இந்த வழி இல்லை. திருப்பூரில் பாதிக் கதவு அங்கேயே மூடிவிடுகிறது என்பது உண்மைதான்.

புத்தகத்தில் கணக்கு இரண்டு முறை வரும். தாய்க் கம்பெனியின் கணக்கு ஒன்று, துணைக் கம்பெனிகளையும் சேர்த்த கணக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி ஆடிட்டர் அறிக்கை உண்டு. லாபத்தையும் கடனையும் சேர்த்த கணக்கில் பாருங்கள். ஆனால் ஆடிட்டரின் விரிவான இணைப்பு, தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கோடுதான் இருக்கும். அதைத் தவறவிடக் கூடாது.

ஆடிட்டர் அறிக்கை: எந்த வரியைத் தேடுவது

ஆடிட்டர் அறிக்கை பெரும்பாலும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். அதனால் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. அச்சிலிருந்து விலகும் இடத்தைத்தான் தேட வேண்டும். பி.டி.எஃப்.-ஐத் திறந்து இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தேடுங்கள்:

```
Basis for Qualified Opinion
Material Uncertainty Related to Going Concern
Emphasis of Matter
Key Audit Matters
```

முதல் சொல் கிடைத்தால், கணக்கின் ஒரு பகுதியை ஆடிட்டர் ஏற்கவில்லை என்று பொருள். எந்தப் பகுதி, எத்தனை ரூபாய், ஏற்றுக்கொள்ளாததால் லாபம் எவ்வளவு குறையும் என்பது அதன் கீழேயே இருக்கும். இதைவிடக் கடுமையான இரண்டு நிலைகள் உண்டு: கணக்கே சரியல்ல என்று சொல்வது ஒன்று, கருத்துச் சொல்லவே போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை என்று கைவிரிப்பது மற்றொன்று. இவை அபூர்வம். இரண்டாவது சொல் கிடைத்தால், கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதிலேயே ஆடிட்டருக்குச் சந்தேகம். ஜாப் ஒர்க் செய்கிறவர் அந்த வரியைப் பார்த்தபின் கடனுக்குத் துணி அனுப்பக் கூடாது.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது மூன்றாவதை. கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்ட ஆடிட்டர், "ஆனாலும் இந்தக் குறிப்பைப் படித்துவிடுங்கள்" என்று ஒரு எண்ணைச் சுட்டுகிறார். நம் பார்வைக்கு அந்த எண்தான் அறிக்கையின் நுழைவாயில். நான்காவது, பட்டியலான கம்பெனிகளுக்கு 2018-19 முதல் வந்தது: தணிக்கையில் எந்த விஷயம் அதிகக் கவனம் கேட்டது, அதை எப்படிச் சோதித்தோம் என்று ஆடிட்டரே எழுத வேண்டும். வரவேண்டிய பணம் அந்தப் பட்டியலில் இருந்தால், ஆண்டு முடிந்த பிறகு உண்மையில் வந்த பணத்தை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பார்த்திருந்தால் அது வலுவான சோதனை. நிர்வாகத்தின் மதிப்பீட்டைப் பரிசீலித்தோம் என்பதோடு நின்றால் வலு குறைவு.

ஆடிட்டர் கையெழுத்து இருக்கிறது என்பதாலேயே கணக்கு உண்மையாகிவிடாது. ஐதராபாத்தின் சத்யம் கம்பெனி இதற்கு என்றைக்கும் சாட்சி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், 2008 செப்டம்பர் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குகளில் உலகப் பெயர் பெற்ற ஆடிட் நிறுவனத்தின் கையெழுத்து இருந்தது. ஆடிட்டர் சரக்கையும் பில்லையும் மாதிரி எடுத்துத்தான் சோதிக்கிறார். ஆகவே அவர் எழுதியதை வைத்துக் கேள்வியைத் தொடங்க வேண்டும். பதிலை நாம் எண்களில் தேட வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் கம்பெனி எந்த உண்மையான கம்பெனியும் அல்ல. பாடத்துக்காக நான் அமைத்தது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் டி-சர்ட் அனுப்பும் நடுத்தர ஏற்றுமதியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு விற்பனை 400 கோடி, இந்த ஆண்டு 480 கோடி. வரி போக லாபம் 24 கோடியிலிருந்து 30 கோடி. தலைவரின் கடிதத்தில் இந்த இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கும். ஆடிட்டர் கணக்கு சரி என்கிறார், ஆனால் 41-ஆம் குறிப்பைப் படிக்கச் சொல்கிறார். அங்கே போனால் இரண்டே வரி: பிரிட்டனில் ஒரு வாங்குபவர் திவால் நடவடிக்கையில் இருக்கிறார், அவரிடமிருந்து 9 கோடி வரவேண்டும், முழுத் தொகையும் வந்துவிடும் என்று நிர்வாகம் நம்புகிறது. இது கற்பனையில் மட்டும் நடப்பதல்ல. டெபனாம்ஸ் 2020 ஏப்ரலிலும், டாப்ஷாப் கடைகளை வைத்திருந்த ஆர்கேடியா 2020 நவம்பரிலும் இப்படித்தான் நிர்வாகியின் கைக்குப் போயின. கடை திவாலானால் முதலில் அடமானம் பெற்ற வங்கிகள். சரக்கு அனுப்பியவர் வரிசையின் பின்னால்.

பேலன்ஸ் ஷீட்டுக்கு வாருங்கள். வரவேண்டிய பணம் 60 கோடியிலிருந்து 110 கோடி ஆகியிருக்கிறது. விற்பனை 20 சதவீதம் கூடியது. வரவேண்டியது 83 சதவீதம் கூடியது. இதை நாள் கணக்காக மாற்றினால் உறைக்கும். வரவேண்டியதை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். சென்ற ஆண்டு 55 நாள். இந்த ஆண்டு 84 நாள். சரக்கு அனுப்பிப் பணம் பார்க்க ஒரு மாதம் கூடுதலாகிவிட்டது.

இதற்கு நல்ல காரணமும் இருக்கலாம். மார்ச் மாதத்தில் பெரிய ஷிப்மென்ட் போயிருந்தால், தவணை முடியாத பில் மார்ச் 31 அன்று நிறைய நிற்கும்; மே மாதத்தில் பணம் வந்துவிடும். நல்ல காரணமா கெட்ட காரணமா என்று பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்று 2021-22 முதல் எல்லாக் கம்பெனிகளின் குறிப்புகளிலும் கட்டாயம். வரவேண்டிய பணத்தை வயதுவாரியாகப் பிரிக்கும் அட்டவணை அது: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு ஆண்டு, ஒன்று முதல் இரண்டு ஆண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல். கூடிய தொகை முதல் கட்டத்தில் இருந்தால் கவலை குறைவு. நம் மாதிரிக் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு மேற்பட்டது 4 கோடியிலிருந்து 22 கோடியாகியிருக்கிறது. அதில் 9 கோடி ஒரு ஆண்டைத் தாண்டியது. அந்த 9 கோடி எது என்பது நமக்கு இப்போது தெரியும்.

அதே குறிப்பின் கீழே, வராமல் போகலாம் என்று ஒதுக்கிய தொகை இருக்கும். 1 கோடியிலிருந்து 1.2 கோடி ஆகியிருக்கிறது. 22 கோடி பழைய பாக்கிக்கு 1.2 கோடி ஒதுக்கீடு. அந்த 9 கோடியை மட்டும் இந்த ஆண்டே நஷ்டமாக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வரியைக் கழித்துப் பார்த்தாலும் லாபம் ஏறத்தாழ 7 கோடி குறைந்து 23 கோடிக்கு வந்திருக்கும். சென்ற ஆண்டு 24. தலைவரின் கடிதத்தில் 25 சதவீத வளர்ச்சியாக நின்றது, ஒரு குறிப்பைப் படித்ததும் சிறு சரிவாக மாறிவிட்டது. இதற்காகத்தான் ஆடிட்டர் சுட்டிய எண்ணை விடாமல் தேடிப் போகச் சொல்கிறேன்.

அடுத்து கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட். மூன்று பகுதிகளில் முதலாவதான தொழில் நடத்தியதால் வந்த ரொக்கம் மட்டும் நமக்குப் போதும். 30 கோடி லாபத்தோடு, கையிலிருந்து போகாத தேய்மானம் 16 கோடியையும், வேறு பகுதியில் காட்டப்படும் வட்டி 14 கோடியையும் கூட்டினால் 60 கோடி. பாக்கியாக நின்றது 50 கோடி, சரக்காகத் தேங்கியது 35 கோடி. நூல் மில்லுக்கும் டையிங்குக்கும் ஜாப் ஒர்க்குக்கும் தராமல் நிறுத்தியது 20 கோடி. மிச்சம் கணக்குப் பார்த்தால் மைனஸ் 5 கோடி. லாபம் 30 கோடி என்று காட்டிய ஆண்டில் கல்லாவுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. வட்டி கட்டக் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஒரு ஆண்டு இப்படி இருந்தால் பொறுக்கலாம். வேகமாக வளரும் ஏற்றுமதியாளருக்கு இது நேரக்கூடியதே. மூன்று ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தும் லாபத்தில் பாதிகூட ரொக்கமாகவில்லை என்றால் அந்த லாபத்தை நம்பி நான் பணம் போட மாட்டேன்.

இணைப்பில் இருக்கும் வங்கிக் கணக்கு

ஆடிட்டர் அறிக்கைக்குப் பின்னால் காரோ என்று ஆடிட்டர்கள் சொல்லும் இணைப்பு இருக்கும். 2020-இல் அரசு வெளியிட்ட ஆணையின்படி 21 கேள்விகளுக்கு ஆடிட்டர் பதில் எழுத வேண்டும். புதியவருக்கு அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்: (ii)(b) என்ற உட்பிரிவு. சரக்கையும் பாக்கியையும் அடமானம் காட்டி 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு வாங்கியிருந்தால், வங்கிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்த ஸ்டேட்மென்டும் கம்பெனியின் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்று ஆடிட்டர் சொல்ல வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசம் அட்டவணையாக வரும்.

நம் மாதிரிக் கம்பெனி மார்ச் காலாண்டுக்கு வங்கியில் காட்டிய சரக்கு 128 கோடி, புத்தகத்தில் 115 கோடி. வங்கி ஸ்டேட்மென்ட் அவசரமாகப் போயிருக்கும், ஆண்டு முடிவுத் திருத்தங்கள் பின்னால் வந்திருக்கும் என்பது சாதாரண விளக்கம். அதை ஏற்பதற்கு முன் நான்கு காலாண்டையும் பாருங்கள். ஒன்றில் கூடி இன்னொன்றில் குறைந்தால் அவசரம்தான். நான்கிலும் வங்கிக்குக் காட்டியதே அதிகம் என்றால், டிராயிங் பவரை உயர்த்திக் காட்டிக் கடன் எடுக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடம் உண்டு. 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கிகள் பொதுவாக டிராயிங் பவரில் சேர்ப்பதில்லை. பாக்கி பழசாகப் பழசாக, சரக்கை ஊதிக் காட்டும் ஆசை வருவது இதனால்தான்.

அதே இணைப்பில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி. பாக்கி இருக்கிறதா, வங்கித் தவணை தவறியதா, ஆண்டின் நடுவில் பழைய ஆடிட்டர் விலகினாரா என்ற கேள்விகளும் உண்டு. அவற்றுக்கு வழக்கமான ஒற்றை வரிப் பதிலுக்குப் பதிலாக அட்டவணையோ நீண்ட விளக்கமோ இருந்தால் அங்கே நின்று படியுங்கள்.

ஜாப் ஒர்க் செய்கிறவர் இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தரவேண்டிய பணத்துக்கும் வயதுவாரி அட்டவணை உண்டு. அதில் குறு, சிறு தொழில்களுக்குத் தரவேண்டியது தனி வரியாக வரும். சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி. அந்த வரியில் ஒரு ஆண்டைத் தாண்டிய பாக்கி நின்றால் உங்கள் பில்லும் அதே வரிசையில்தான் நிற்கும். உத்யம் பதிவு இல்லாதவரின் பில் பெரும்பாலும் மற்றவர்கள் என்ற வரிக்குப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிர்வாகத்தின் பேச்சைக் கடைசியில் கேளுங்கள்

நிர்வாகத்தின் அலசலும் ஆய்வும் என்ற பகுதியைச் செபியின் விதி கட்டாயமாக்கியிருக்கிறது. தொழில் நிலவரம், வாய்ப்பு, ஆபத்து, பிரிவுவாரி நிலை, நிதிநிலை எல்லாம் அதில் வர வேண்டும். முதலில் படித்தால் இது விளம்பரம் போலத் தோன்றும். எண்களைப் பார்த்துவிட்டு வந்து படித்தால் எங்கே பதில் இருக்கிறது, எங்கே நழுவுகிறது என்பது தெரியும்.

முதலில் விகிதங்களைத் தேடுங்கள். முக்கிய நிதி விகிதம் ஏதாவது சென்ற ஆண்டைவிட 25 சதவீதமோ அதற்கு மேலோ மாறியிருந்தால் காரணம் சொல்லியே ஆக வேண்டும். நம் கம்பெனியில், ஆண்டு முடிவுப் பாக்கியை வைத்துக் கணக்கிட்டால், விற்பனை பாக்கியைப் போல 6.7 மடங்காக இருந்தது 4.4 ஆகியிருக்கிறது. 35 சதவீதச் சரிவு. விளக்கம் இப்படி இருக்கலாம்: "வாங்குபவர்களின் கலவையில் ஏற்பட்ட மாற்றத்தால்." இது பதில் அல்ல. எந்த வாங்குபவருக்கு எத்தனை நாள் தவணை கூட்டினார்கள், மார்ச்சுக்குப் பிறகு எவ்வளவு வந்தது, மீதிக்கு ஏற்றுமதிக் கடன் காப்பீடு இருக்கிறதா என்று சொன்னால்தான் பதில். பிரிட்டன் வாங்குபவரின் திவால் இந்தப் பகுதியில் ஒரு சொல்லாகக்கூட வரவில்லை என்றால், ஆடிட்டர் சுட்டியதை நிர்வாகம் பேச மறுக்கிறது என்று பொருள். எனக்கு அந்த மௌனம் 9 கோடியைவிடப் பெரிய விஷயம். பணம் போவது தொழிலில் உண்டு. சொல்லாமல் இருப்பது ஆளைக் காட்டுகிறது.

சென்ற ஆண்டு அறிக்கை இப்போதுதான் வேண்டும். இரண்டு ஆண்டுகளின் இந்தப் பகுதியை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். "அடுத்த ஆண்டு சில்லறைப் பிரிவு லாபத்துக்கு வரும்" என்று எழுதியிருந்தால், இந்த ஆண்டு பிரிவுவாரிக் குறிப்பில் அது வந்ததா? வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்களா, அல்லது அந்தப் பத்தியே காணாமல் போயிருக்கிறதா?

தேதிகளையும் பாருங்கள். கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது. ஆடிட்டர் பெரும்பாலும் மே மாதத்தில் கையெழுத்திடுகிறார். ஆண்டறிக்கை, பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்னதாக, ஆகஸ்ட் செப்டம்பரில் வருகிறது. இடையில் உலகம் மாறலாம். 2024-25 ஆண்டறிக்கைகள் இதற்கு நல்ல பாடம். அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது விதித்த கூடுதல் வரி 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம் ஆனது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24-இல், பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இரண்டும் மார்ச் கணக்கில் இருக்க முடியாது. ஆகவே அந்த ஆண்டின் அறிக்கையை எடுத்தால், அமெரிக்காவின் பங்கு மொத்த விற்பனையில் எவ்வளவு என்ற எண்ணை நிர்வாகம் தந்ததா, அந்தக் கூடுதல் வரியை வாங்குபவர் ஏற்கிறாரா கம்பெனி ஏற்கிறதா என்று சொன்னதா என்று பாருங்கள். பிரிட்டன் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு பக்கமும் அமெரிக்க வரியைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருந்தால், விற்பனையை நாடுவாரியாகப் பிரிக்கும் குறிப்புக்குப் போய் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுந்த கேள்விகளைக் குறித்து வையுங்கள். பட்டியலான கம்பெனியில் ஒரு பங்கு வைத்திருப்பவரும் பொதுக்குழுவில் கேட்கலாம். பல கூட்டங்கள் இப்போது காணொளியில் நடப்பதால் முன்கூட்டிப் பதிவு செய்தால் போதும். காலாண்டு முடிவுக்குப் பின் நடக்கும் தொலைபேசிக் கூட்டங்களின் எழுத்துவடிவமும் பங்குச்சந்தைத் தளத்தில் கிடைக்கும். நம் கேள்வியை வேறு யாராவது ஏற்கெனவே கேட்டிருக்கிறார்களா, நிர்வாகம் எண்ணோடு பதில் சொன்னதா என்று அதில் தேடலாம்.

முதல் பயிற்சிக்கு நான்கு பக்கம் போதும்: ஆடிட்டர் அறிக்கையின் முதல் பக்கம், வரவேண்டிய பணத்தின் வயதுவாரி அட்டவணை, கேஷ் ஃப்ளோவின் முதல் பகுதி, நிர்வாக அலசலில் விகிதங்கள் உள்ள பக்கம். நீங்கள் நூலோ துணியோ கடனுக்கு அனுப்பும் கம்பெனியின் அறிக்கையில் இந்த நான்கையும் அடுத்த ஆர்டருக்குத் தலையாட்டும் முன் படித்துவிடுங்கள்.